பக்கத்துக் களத்தின் ஸ்டாக் சிஸ்டத்தில் ஆக்ஸஸ் வேண்டுமா? பாஸ்வேர்டு கடனா, போனா, ரிப்போர்ட்டா, டிக்கெட்டா?

"நீடாமங்கலம் ஸ்டாக் ஆக்ஸஸ் வேண்டும். அவசரம்."

தை பிறந்து அறுப்பு மிஷின் வயலில் இறங்கிவிட்டால் எங்கள் ஐடி சப்போர்ட்டுக்கு டிக்கெட்டாக, அதாவது எழுத்தில் பதியும் கோரிக்கையாக, இந்த ஒற்றை வரிதான் திரும்பத் திரும்ப வரும். நான் தஞ்சாவூரில் ஒரு தனியார் அரிசி ஆலை நிறுவனத்தில் சப்போர்ட் பார்க்கிறேன். அதற்கு முன்னால் ஆறு வருஷம் வேறொரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன், அதனால் கேட்கிறவர் பாடும் தெரியும், கொடுக்கிறவர் பாடும் தெரியும். இப்படி ஒரு வரி எழுதுகிறவர் மேல் எனக்குக் கோபம் வராது. வெளியே லாரி நிற்கிறது, மேகம் கட்டுகிறது, டிரைவர் வாசலில் வந்து நிற்கிறார், அந்த நேரத்தில் யார் பத்து வரி எழுதுவார்கள்? ஆனால் அந்த ஒரு வரியாலேயே அவருக்கு ஒன்றிரண்டு நாள் வீணாகப் போகிறது. அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

போன சம்பாவில் நடந்த ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

மன்னார்குடி குடோனில் கணக்கு பார்க்கிற ஒரு அக்கா. நீடாமங்கலம் களத்தில் இடம் நிரம்பிவிட்டதால் அங்கே எடை போட்ட லாரிகள் மன்னார்குடிக்குத் திருப்பிவிடப்பட்டன. இங்கே நெல்லைக் கொட்டிக் காயவைத்து, அப்புறம்தான் மறுபடி எடை போட்டார்கள். இரண்டு எடைக்கும் வித்தியாசம் வருவது சகஜம். 19 சதவீத ஈரத்தில் வந்த நெல் 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் 100 கிலோவுக்கு ஏறத்தாழ 2.4 கிலோ தானாகவே குறையும், அது யாருடைய தப்பும் இல்லை. அதற்கு மேல் குறைந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும். எது காய்ச்சலில் போனது, எது நிஜமான குறைவு என்று பிரிக்க வேண்டுமென்றால் நீடாமங்கலத்தில் ஏற்றிய அன்று பதிந்த எடையும் ஈரப்பதமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவை நீடாமங்கலத்தின் பதிவில் இருக்கின்றன. அக்காவின் லாகினில் மன்னார்குடி மட்டும்தான் திறக்கும். லாரி வாடகையை மார்ச் 15-க்குள் தீர்த்தாக வேண்டும். இது ஜனவரி 27 நிலவரம்.

அவருக்கு முன்னால் நாலைந்து வழிகள் இருந்தன.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீடாமங்கலத்தில் இருக்கிற தம்பி போனிலேயே சொல்லிவிட்டார்: "எதுக்குக்கா டிக்கெட்டெல்லாம், என் லாகினையே போட்டுக்கோங்க." நல்ல மனசு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இதே நல்ல மனசால் என்ன ஆகும் என்று நான் பழைய நிறுவனத்தில் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். அங்கே ஒருவர் தன் பாஸ்வேர்டை இன்னொரு கிளைக்குக் கொடுத்தார், அவர்கள் அதைத் தங்கள் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் டிரைவோடு சேர்த்து சேமித்துவைத்தார்கள், வேலை முடிந்தது, எல்லோரும் மறந்துபோனார்கள். ஒரு மாதம் கழித்து பாஸ்வேர்டு மாற்றச் சொல்லி சிஸ்டம் கேட்டது, அவரும் மாற்றினார். மறுநாள் காலை ஆறு மணிக்கு எடை மேடையில் உட்கார்ந்தால் அவருடைய கணக்கு பூட்டிக் கிடக்கிறது. சப்போர்ட்டில் திறந்துவிட்டார்கள். பத்து நிமிடத்தில் மறுபடி பூட்டு. திறப்பதும் பூட்டுவதுமாக மதியம் வரை போனது, அதுவரை சீட்டெல்லாம் கையெழுத்தில்.

காரணம் எளிது. இன்னொரு ஊரில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர், சேமித்துவைத்த பழைய பாஸ்வேர்டைத் தானாகவே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. தவறான முயற்சி ஒரு எண்ணிக்கையைத் தாண்டினால் விண்டோஸ் கணக்கைப் பூட்டிவிடும். எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கிற சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் `4740` என்ற எண்ணில் அது பதிவாகும், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்பது `Caller Computer Name` என்ற வரியில் இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்த பிறகுதான் பாஸ்வேர்டைக் கொடுத்த கதையே வெளியே வந்தது. உங்கள் கணக்கு காரணமில்லாமல் அடிக்கடி பூட்டிக்கொள்கிறது என்றால் யாருக்காவது எப்போதாவது பாஸ்வேர்டு கொடுத்தீர்களா என்று முதலில் யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தம்பியின் லாகினில் எடையைத் திருத்தவும் முடியும். அக்கா பார்க்கத்தான் போகிறார், ஆனால் ஒரு கட்டத்தில் கை தவறி ஒரு எண் மாறிச் சேமித்துவிட்டால் பதிவில் தம்பியின் பெயர்தான் நிற்கும். எடைக் குறைவு பற்றிய பஞ்சாயத்தில் அதைவிட மோசமான இடம் ஒருவருக்குக் கிடையாது. அதனால் இந்த வழியை நான் எந்த நிலையிலும் சொல்லமாட்டேன், அரை மணி நேரத்துக்குக் கூட.

இரண்டாவது வழி போன். "தம்பி, கொஞ்சம் திறந்துவிடேன்" என்று என்னிடமே கேட்கலாம். தெரிந்த குரல், செய்து கொடுத்துவிடுவேன் என்று நினைப்பார்கள், உண்மையில் பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. இதன் சிக்கல் உடனே தெரியாது. யார் சரி என்று சொன்னது, எதற்கு, எதுவரை என்பதெல்லாம் என் தலைக்குள் மட்டும் இருக்கும். நான் லீவில் போனால் என் இடத்தில் உட்காருகிறவருக்கு ஒரு தடயமும் இல்லை. மூன்று மாதம் கழித்து ஆடிட்டர் வந்து, இந்தப் பெயர் ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டால் நானும் விழிப்பேன், அக்காவும் விழிப்பார். நள்ளிரவில் லாரி நின்றுகொண்டிருக்கிற நிஜமான அவசரத்துக்கு போன்தான் சரி, மறுக்கவில்லை. அப்போதுகூட ஒரு நாளைக்கு மட்டும் திறந்துவிட்டு, காலையில் டிக்கெட் போட்ட பிறகுதான் நீட்டிப்போம் என்று நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்.

மூன்றாவது வழி டிக்கெட் மாதிரியே இருக்கும், ஆனால் அதற்குள் ஒரு குழி உண்டு. "நீடாமங்கலம் சீனியர் அக்கவுண்டண்டுக்கு இருக்கிற மாதிரியே எனக்கும் கொடுங்கள்." கேட்கிறவருக்கு சுலபம், ஏனென்றால் சிஸ்டத்தில் எதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியாது. கொடுக்கிறவருக்கும் சுலபம், யார் எதைத் திறக்கலாம் என்று தீர்மானிப்பவை குரூப்புகள், ஒருவரின் குரூப்புகளை அப்படியே இன்னொருவருக்குப் போட்டுவிடலாம். ஆனால் அந்த சீனியர் பன்னிரண்டு வருஷமாக அங்கே இருக்கிறவர். கொள்முதல் விலையை மாற்றும் உரிமை, போன வருஷம் யாரோ லீவில் போனபோது கொடுத்த சம்பளப் பட்டியல் போல்டர், எல்லாம் அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதையெல்லாம் சேர்த்துத்தான் அக்காவுக்கும் போகும். ஒருவரைக் காட்டித்தான் கேட்க முடியும் என்றால் "அவர் திறந்து காட்டிய இந்தத் திரை, இதைப் பார்க்க மட்டும்" என்று திரையின் பெயரைச் சொல்லுங்கள். ஆளைக் காட்டாதீர்கள்.

நாலாவது வழியைத்தான் பலரும் யோசிப்பதே இல்லை. ஆக்ஸஸே வேண்டாம், அவர்களிடம் ரிப்போர்ட் கேட்பது. நீடாமங்கலத்திலிருந்து அந்தத் தேதிகளுக்கான லாரி எண், ஏற்றிய எடை, ஈரப்பதம் ஆகிய மூன்றையும் எக்செல்லில் எடுத்து அனுப்பச் சொன்னால் முடிந்தது. யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம், முடிவு தேதி வேண்டாம், எடுத்துவிட மறந்துபோவதற்கு எதுவும் இல்லை. ஒரு தடவையோ இரண்டு தடவையோ பார்க்க வேண்டிய வேலை என்றால் நான் இதைத்தான் சொல்வேன், டிக்கெட்டை விடவும் இது நல்லது. ஆனால் ரிப்போர்ட் என்பது எடுத்த நேரத்து நிலவரம். அக்காவின் விஷயத்தில் லாரி தினமும் வந்துகொண்டிருந்தது, காலையில் எடுத்த எக்செல்லில் மாலை லாரி இருக்காது, அதோடு நீடாமங்கலத்தில் எடையைத் திருத்தினால் அக்காவின் கையில் பழைய எண்ணே இருக்கும். தினமும் அனுப்பு என்று அந்தத் தம்பியைக் கேட்டால் அவருக்கு அதுவே ஒரு வேலையாகிவிடும். ஆக, ஆறேழு வாரத்துக்கு தினமும் பார்க்க வேண்டும் என்ற ஒரே காரணத்தால்தான் இங்கே ஆக்ஸஸ் கேட்பது சரியாகிறது.

சரி, டிக்கெட்தான் என்று முடிவாகிவிட்டது. ஆனால் டிக்கெட் என்பதும் ஒரே வழி இல்லை, அதற்குள் மூன்று தேர்வுகள் இருக்கின்றன. முதலில் வந்த ஒற்றை வரிக்கு நான் திருப்பிக் கேட்டது எதற்கு, யார் சரி சொன்னது, எதுவரை என்று. அக்கா எழுதிய பதில்: "லாரி கணக்குக்கு. எங்கள் குடோன் மேனேஜர் சரி சொல்லிவிட்டார். நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள், அடிக்கடி உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்."

மூன்றுமே நியாயமாகத்தான் தெரிகிறது. மூன்றிலும் ஒரு சின்ன மாற்றம் தேவைப்பட்டது.

எதற்கு என்பதில் "லாரி கணக்குக்கு" என்றால் எனக்கு எந்தக் கதவைத் திறப்பது என்று தெரியாது. எங்கள் சிஸ்டத்தில் ஒவ்வொரு களத்துக்கும் இரண்டு குரூப். ஒன்றில் பார்க்கலாம், இன்னொன்றில் பதியவும் திருத்தவும் செய்யலாம். ஆகவே நோக்கத்தை எழுதும்போது என்ன செய்யப்போகிறீர்கள் என்ற வினைச்சொல் வர வேண்டும்: பார்க்க, பதிய, திருத்த, அழிக்க. "திருப்பிவிடப்பட்ட லாரிகளின் ஏற்றிய எடையையும் ஈரப்பதத்தையும் எங்கள் இறக்கிய எடையோடு ஒப்பிட்டுப் பார்க்க" என்றதும் குழப்பமே இல்லை, பார்க்கும் குரூப் போதும், விலைத் திரை வேண்டாம். சந்தேகம் இருந்தால் குறைந்ததையே கேளுங்கள். போதவில்லை என்றால் கூட்டிக் கேட்பது எளிது, ஒருமுறை கொடுத்ததைத் திருப்பி எடுக்கும்போதுதான் மனஸ்தாபம் வருகிறது.

அனுமதிப்பவர் விஷயத்தில்தான் அதிக டிக்கெட்டுகள் தேங்குகின்றன. தன் மேனேஜர் சொன்னால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறோம். மன்னார்குடி மேனேஜர் சொல்லக்கூடியது, இது இவருடைய வேலைதான், இவருக்கு இது தேவைதான் என்பது. நீடாமங்கலத்தின் எண்களை இன்னொருவர் பார்க்கலாமா என்று சொல்ல வேண்டியவர் நீடாமங்கலம் கொள்முதல் மேனேஜர். அந்த எண்ணில் தப்பு வந்தால் யாரை மேலிடம் கூப்பிட்டுக் கேட்குமோ அவர்தான் அந்தத் தரவுக்குச் சொந்தக்காரர், நான் இப்படித்தான் கண்டுபிடிக்கச் சொல்வேன். அப்படியும் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே டிக்கெட்டில் எழுதுங்கள், எந்த சிஸ்டத்துக்கு யார் என்ற பட்டியல் எங்களிடம் இருக்கிறது. தவறான ஒருவரின் பெயரைப் போடுவதால்தான் அது அவரிடம் போய் இரண்டு நாள் உட்கார்ந்துவிடுகிறது.

அப்புறம், "சார் சரி சொல்லிவிட்டார்" என்று கேட்கிறவரே எழுதுவது அனுமதி ஆகாது. வாட்ஸப்பில் அவர் அனுப்பிய கட்டைவிரலின் ஸ்கிரீன்ஷாட்டும் ஆகாது, எந்தக் கேள்விக்கு அந்தக் கட்டைவிரல் என்று அதில் தெரியாது. அவருடைய லாகினிலிருந்து அவரே டிக்கெட்டில் ஒரு வரி எழுத வேண்டும். இது உங்கள் மேல் நம்பிக்கை இல்லாததால் இல்லை. நாளை ஏதாவது கேள்வி வந்தால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த வரிதான். பொங்கல் நேரத்திலும், ஊரில் கோயில் திருவிழா வருகிற நேரத்திலும் மேனேஜர்கள் லீவில் இருப்பார்கள், ஆகவே அவர் இல்லாவிட்டால் யார் என்று இரண்டாவது பெயரையும் சேர்த்துவிட்டால் டிக்கெட் நிற்காது.

காலத்துக்கு வருவோம். நிரந்தரமாகக் கொடுங்கள் என்று அக்கா கேட்டது எங்கள் மேல் உள்ள கரிசனத்தால், அது எனக்குப் புரிகிறது. ஆனால் நிரந்தரம் என்று கொடுத்ததை எடுக்க யாருக்கும் ஞாபகம் வராது. அக்கா மயிலாடுதுறைக்கு மாற்றலாகிப் போனாலும் நீடாமங்கலம் திறந்தே இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை பட்டியலை அனுப்பி, யாரை எடுக்கலாம் என்று மேனேஜர்களைக் கேட்கிறோம்தான், ஆனால் பட்டியலைப் பார்க்கிறவருக்கு அந்தப் பெயர் எதற்காகச் சேர்ந்தது என்று நினைவிருக்காது, எடுத்தால் எங்கேயாவது வேலை நின்றுவிடுமோ என்று பயந்து விட்டுவைப்பார். ஒருவருடைய பொறுப்பே அதுதான் என்றால் மட்டும் நிரந்தரம் சரி. அப்போதும் "இந்தப் பொறுப்பில் இருக்கும் வரை" என்று எழுதினால், மாற்றல் உத்தரவு வருகிற அன்றைக்கே நாங்கள் எடுத்துவிடுவோம்.

தற்காலிகம் என்றால் நாள் கணக்கா, தேதியா? தேதிதான். "ஆறு வாரம்" என்றால் நீங்கள் எழுதிய நாளிலிருந்தா, அனுமதி வந்த நாளிலிருந்தா, நான் திறந்த நாளிலிருந்தா என்று மூன்று கணக்கு வரும். "மார்ச் 15 மாலை வரை" என்றால் ஒரே கணக்கு. இது சும்மா சொல்லவில்லை. எங்கள் சர்வரில் குரூப்பில் ஒருவரைச் சேர்க்கும்போதே காலாவதியையும் போட்டுவிடலாம். நிறுவனத்தின் லாகின்களையும் குரூப்புகளையும் நிர்வகிக்கிற ஆக்டிவ் டைரக்டரி ஃபாரஸ்ட் குறைந்தது விண்டோஸ் சர்வர் 2016 மட்டத்தில் இருந்தால்தான் அந்த வசதி உண்டு, அதையும் தனியாக இயக்கிவைத்திருக்க வேண்டும், ஒருமுறை இயக்கினால் திரும்ப நிறுத்த முடியாது. அது இருந்தால் கட்டளை இவ்வளவுதான்:

```
Add-ADGroupMember -Identity 'Stock-Needa-Read' `
  -Members 'mng.acct2' `
  -MemberTimeToLive (New-TimeSpan -Days 46)
```

ஜனவரி 29 காலை பதினொரு மணிக்கு இதை ஓட்டினேன். மார்ச் 15 வரை எண்ணினால் 45 நாள்தான் வருகிறது, ஆனால் கட்டளையை ஓட்டிய நிமிடத்திலிருந்துதான் கடிகாரம் ஓடும், 45 என்று போட்டிருந்தால் கடைசி நாள் காலை பதினொரு மணிக்கே கதவு சாத்திக்கொள்ளும், அன்றைக்குத்தான் அக்கா கணக்கை முடித்துக்கொண்டிருப்பார். அதனால் 46. நீங்கள் "மாலை வரை" என்று எழுதினால்தான் எனக்கு இது உறைக்கும். இந்த வசதி இல்லாத அலுவலகங்களில் சப்போர்ட்டில் இருப்பவர் காலண்டரில் குறித்துவைத்துக் கையால்தான் எடுக்க வேண்டும், அங்கேயும் தேதி இருந்தால்தான் குறிக்க முடியும்.

கடைசியில் அக்கா திருத்தி எழுதிய டிக்கெட் இது, அவர் அனுமதியோடு, பெயர்களை மட்டும் எடுத்துவிட்டுப் போடுகிறேன்:

"சிஸ்டம்: ஸ்டாக், நீடாமங்கலம் களம், எடை மேடைத் திரை. பார்க்க மட்டும். எதற்கு: ஜனவரி 20 முதல் மன்னார்குடிக்குத் திருப்பிவிடப்படும் லாரிகளின் ஏற்றிய எடை, ஈரப்பதம் இரண்டையும் எங்கள் இறக்கிய எடையோடு ஒப்பிட, லாரி வாடகை தீர்க்க. அனுமதி: நீடாமங்கலம் கொள்முதல் மேனேஜர், அவர் இல்லையென்றால் உதவி மேனேஜர். எங்கள் குடோன் மேனேஜருக்குத் தெரியும், அவரையும் டிக்கெட்டில் சேர்த்திருக்கிறேன். எதுவரை: மார்ச் 15 மாலை. என் லாகின்: mng.acct2."

எழுத ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். முதல் ஒற்றை வரி வந்து இரண்டு நாள் கேள்வியும் பதிலுமாகப் போனது. இது வந்த ஒரு மணி நேரத்தில் நீடாமங்கலம் மேனேஜர் சரி என்று எழுதிவிட்டார், ஏனென்றால் அவர் யாரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியிருக்கவில்லை, விலைத் திரை இதில் இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது.

திறந்த பிறகும் ஒரு தடங்கல் வந்தது, இது எல்லோருக்கும் வருகிறது, அதனால் சொல்லிவைக்கிறேன். அக்கா உடனே போன் செய்து, "இன்னும் திறக்கலியே தம்பி" என்றார். குரூப்பில் சேர்த்தது அவருடைய அடுத்த லாகினில்தான் முழுதாகத் தெரியும், காலையில் நுழைந்தபோது வாங்கிய பழைய அடையாளத்தோடுதான் கம்ப்யூட்டர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும். திரையைப் பூட்டித் திறப்பதை நம்ப வேண்டாம், முழுவதும் சைன் அவுட் செய்து மறுபடி நுழைய வேண்டும். அதன் பிறகும் திறக்கவில்லை என்றால் கமாண்ட் விண்டோவில் இதை அடித்துப் பாருங்கள்:

```
whoami /groups
```

வருகிற பட்டியலில் புதுக் குரூப்பின் பெயர் இருந்தால் உங்கள் பக்கம் சரி, தடை சிஸ்டத்தின் பக்கம். பெயர் இல்லை என்றால் நாங்கள் சேர்த்ததில்தான் ஏதோ கோளாறு. இந்த ஒரு தகவலோடு போன் செய்தால் பாதி நேரம் மிச்சம். அக்காவுக்கு சைன் அவுட் செய்ததிலேயே திறந்துவிட்டது.

மார்ச் 12 அன்று அவரிடமிருந்து அதே டிக்கெட்டில் இன்னொரு வரி வந்தது: "மூன்று லாரிக்கு இன்னும் கணக்கு ஒத்துவரவில்லை, நீடாமங்கலத்தில் ஈரப்பதம் பதியாமல் விட்டிருக்கிறார்கள், மார்ச் 22 மாலை வரை நீட்டிக்க வேண்டும்." காலாவதி ஆவதற்கு மூன்று நாள் முன்னாலேயே வந்ததால் அதே மேனேஜர் அதற்குக் கீழேயே சரி என்று எழுதினார், நான் தேதியை நீட்டினேன், ஒரு நாள்கூட கதவு சாத்தவில்லை. 20-ஆம் தேதியே மூன்று லாரியும் முடிந்துவிட்டது என்று எழுதி, இனி வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்துவிட்டேன்.